நியூட்ரல் இல்லாத பெட்டியில் ஸ்மார்ட் சுவிட்ச்: ஆஃப் செய்தும் பல்பு சிமிட்டினால்

கேள்வி: எங்கள் சுவிட்ச் பெட்டியில் இரண்டு ஒயர்தான் இருக்கின்றன, நியூட்ரல் வரவில்லை. நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி மாட்டினேன். ஆஃப் செய்த பிறகும் 5 வாட் எல்இடி பல்பு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அருகில் உள்ள பெட்டியில் எர்த் ஒயர் இருக்கிறது. அதை நியூட்ரலாகப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. எர்த் ஒயரை அந்த வேலைக்கு ஒருபோதும் இழுக்காதீர்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் நியூட்ரலில் காட்டும் அதே வோல்டேஜைத்தான் காட்டும். சுவிட்சும் வேலை செய்யும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்காவது எர்த் இணைப்பு விட்டுப்போனால், அந்தச் சுவிட்ச் வழியாக வரும் கரண்ட் எர்த்தோடு சேர்ந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பில் ஏறி நிற்கும். தொடுபவருக்கு ஷாக். பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்குவதும் தவறு. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால், கரண்ட் கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகும். ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு வேலை பார்ப்பவர், இன்னொரு சர்க்யூட்டின் கரண்ட் அந்த நியூட்ரலில் ஓடுவதை அறியாமல் கையை வைப்பார்.

உங்கள் பல்பு ஏன் சிமிட்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தீர்வு எளிது. ஸ்மார்ட் சுவிட்ச் ஆஃப் நிலையிலும் உங்கள் கட்டளைக்காக விழித்திருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாததால் அந்தச் சிறு கரண்ட் பல்பு வழியாகத்தான் போய் வருகிறது. பழைய இழை பல்பாக இருந்தால் அவ்வளவு கொஞ்சம் கரண்டில் அது எரியவே எரியாது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவரோ அந்தத் துளியைச் சேமித்துக்கொண்டே வரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணையும், மறுபடி சேர்க்கத் தொடங்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இதற்கு பைபாஸ் கெப்பாசிட்டர் இருக்கிறது. அந்தச் சிறு கரண்ட் பல்புக்குள் போகாமல் இதன் வழியாகப் போய்விடும். சில சுவிட்சுகளோடு பெட்டியிலேயே வரும், இல்லையென்றால் அந்தத் தயாரிப்புக்கென்று சொல்லியிருப்பதையே தனியாக வாங்குங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் தடை ஏறக்குறைய 6,800 ஓம். சுவிட்ச் 1 மில்லி ஆம்பியர் கசியவிட்டால், பல்பின் குறுக்கே நிற்பது 7 வோல்ட்டுக்கும் குறைவு. 230 வோல்ட்டுக்கான டிரைவர் அந்த வோல்டேஜில் விழிக்காது.

மாட்டும் இடத்தில்தான் தவறு நடக்கிறது. கெப்பாசிட்டர் பல்புக்கு இணையாக, அதாவது பல்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, சீலிங் ரோஸில் இருக்க வேண்டும். நியூட்ரல் அங்கே இருக்கிறது. சிலர் சுவிட்ச் பெட்டிக்குள் ஃபேஸுக்கும் பல்புக்குப் போகும் ஒயருக்கும் இடையே மாட்டிவிடுவார்கள். அப்போது சுவிட்சைத் தாண்டி இன்னும் அதிகக் கரண்ட் பல்புக்குப் போகும், சிமிட்டல் கூடுமே தவிர நிற்காது. ஒரே சுவிட்சில் மூன்று பல்பு இருந்தால் அவற்றில் ஒன்றின் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் பொதுவாகப் போதும். இரண்டு பட்டன் சுவிட்ச் என்றால் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். மெயினை இறக்கி, எல்இடியைக் கழற்றி, பழைய இழை பல்பு ஒன்றை மாட்டி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். சிமிட்டல் நின்றால் உங்கள் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, பல்பின் வாட் போதவில்லை என்று அர்த்தம். ஆன் செய்த பிறகு விளக்கு திடீரென அணைந்து எரிவதும், ஆப்பில் சுவிட்ச் ஆஃப்லைன் என்று காட்டுவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். எரியும்போது சுவிட்ச் தனக்கான கரண்டைப் பல்புக்குப் போகும் கரண்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 5 வாட்டில் அது போதாமல் போகலாம். சுவிட்சின் கையேட்டில் குறைந்தபட்ச வாட் எவ்வளவு என்று பாருங்கள்.

வாட்டைக் கூட்டியும் கெப்பாசிட்டர் போட்டும் நிற்காவிட்டால், நான் சுவிட்சோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுவேன். சீலிங் ரோஸில் ஃபேஸும் நியூட்ரலும் வரும் வயரிங்காக இருந்தால் சிறிய ஸ்மார்ட் ரிலே மாட்யூலை அங்கேயே வைத்து, சுவரில் சாதாரண சுவிட்சை அதன் கட்டளை பட்டனாக மட்டும் விடலாம். ஆனால் பல வீடுகளில் சீலிங்கில் சுவிட்ச் வழியாக வரும் ஒயரும் நியூட்ரலும்தான் இருக்கும், நிலையான ஃபேஸ் இருக்காது. அப்போது கீழே சுவிட்ச் பெட்டியில் இருக்கும் இரண்டு ஒயரையும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் மேலே எப்போதும் ஃபேஸ் கிடைக்கும், மாட்யூலும் ஓடும். ஆனால் சுவர் சுவிட்ச் போய்விடும், அதற்குப் பதிலாக பேட்டரி பட்டன் ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எம்சிபியை இறக்கிய பிறகும், ஒவ்வொரு ஒயரையும் மீட்டரால் சோதித்த பிறகே தொடுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். பழைய வீடுகளில் கறுப்பு ஒயரில் ஃபேஸ் வருவதை நானே பார்த்திருக்கிறேன். சீலிங் ரோஸ் வேலையில் சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் "பல்புக்கு இணையாக பைபாஸ் கெப்பாசிட்டர் போட வேண்டும்" என்று சொன்னால் போதும்.