லிஸ்ட் முடிந்ததும் கோயில் ஹார்னில் வேறு பாட்டு வருகிறதா?

"சார், நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைக்செட் வச்சிருக்கேன். மாரியம்மன் கோயில் நோம்பிக்கு காலையில 6 மணிக்கு யூடியூப்ல நான் சேத்து வச்ச அம்மன் பாட்டு லிஸ்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன். லிஸ்ட் முடிஞ்சதும் மலையாளக் காமெடி, குத்துப்பாட்டுன்னு எதெதுவோ ஹார்ன்ல அலறுது. ஒருநாள் வருது, ஒருநாள் வர்றதில்லை. செல்போன் கடையில வைரஸ்ங்கிறாங்க, 500 ரூபா கேக்குறாங்க. குடுக்கலாமா?"

கொடுக்காதீங்க. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. யூடியூபில் Autoplay என்று ஒரு வசதி இருக்கிறது, பெரியவர்கள் கணக்கில் அது நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். நீங்கள் போட்டது முடிந்தால் போனைச் சும்மா விடாமல் அதுவாகவே அடுத்ததைத் தேடிப் போடும். அதை அணைக்க அரை நிமிஷம் போதும்.

உங்கள் லிஸ்டுக்கு வெளியே ஏதாவது ஒரு தனிப் பாட்டைத் திறங்கள். லிஸ்ட் ஓடும்போது Autoplay பட்டன் கண்ணில் படாமல் போகலாம், அதனால்தான் தனிப் பாட்டு. ஓடுகிற படத்தின் மேல் ஒரு தடவை தட்டினால் மேல்பக்கம் ஒரு சின்ன தள்ளு பட்டன் தெரியும். அதன் வட்டத்துக்குள் முக்கோணம் இருந்தால் Autoplay ஆன், இரண்டு கோடு இருந்தால் ஆஃப். தட்டி இரண்டு கோடாக மாற்றிவிடுங்கள். அது தென்படவில்லையா, Settings உள்ளே போய் Autoplay என்ற வரியைத் தேடுங்கள், சில போன்களில் அது Playback என்பதற்குள் ஒளிந்திருக்கும். அப்டேட்டுக்கு அப்டேட் இதை இடம் மாற்றி வைப்பதில் இவர்களுக்கு என்ன சந்தோஷமோ தெரியவில்லை, வயசான ஒருத்தர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இதை அணைத்தால் உங்கள் லிஸ்ட் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். லிஸ்டுக்குள் இருக்கும் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழக்கம்போல ஓடும். கடைசிப் பாட்டுக்குப் பிறகு என்ன என்பதைத்தான் இந்தப் பட்டன் முடிவு செய்கிறது.

ஆனால் ஒரு விஷயம், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். யூடியூபில் லிஸ்ட் மாதிரியே இருக்கும், ஆனால் லிஸ்ட் இல்லாத ஒன்று உண்டு, Mix என்று பேர். ஒரு அம்மன் பாட்டைத் தேடினால் கீழே Mix என்று போட்டு அந்தப் பாட்டின் பேரோடு வரும், பார்த்தால் யாரோ தேடித் தேடிச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். அது யாரும் சேர்த்ததல்ல, யூடியூப் உங்களுக்காக அந்த நேரத்தில் தானே கோத்துக் கொடுப்பது. முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகும், ஆரம்பத்தில் நாலு அம்மன் பாட்டு இருக்கும், அப்புறம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முடிவே இல்லாததால் Autoplay-யை அணைத்தும் பிரயோஜனம் இல்லை, "சார், ஆஃப் பண்ணியும் வருதே" என்று கேட்பவர்களில் பலர் போட்டது இந்த Mix-ஐத்தான். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லிஸ்ட் ஓடும்போது Share அழுத்தி லிங்கை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். லிங்கில் list= என்பதற்குப் பின்னால் வரும் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள்:

```
list=PL...
list=RD...
```

PL என்றால் மனுஷன் சேர்த்தது, ஒரு இடத்தில் முடியும். RD என்றால் Mix, அதைக் கோயிலில் போடவே போடாதீர்கள். நீங்களே சேர்த்ததாகச் சொல்கிறீர்கள், சரி, ஆனாலும் உதவிக்கு வரும் பையன் விடியக்காலை அவசரத்தில் எதைத் தட்டுகிறான் என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்து, அம்மன் பாட்டுக்குப் பின்னால் காமெடி எங்கிருந்து வந்தது? யூடியூபுக்குப் பக்தியும் தெரியாது, கோயிலும் தெரியாது. முக்கியமாக இரண்டைப் பார்க்கிறது: இப்போது ஓடிய பாட்டைப் பார்த்தவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள், இந்தப் போனில் இருக்கும் கணக்கில் முன்பு என்னென்ன ஓடியது. அதிலிருந்து கொஞ்சம் வீடியோக்களைப் பொறுக்கி, நீங்கள் நிறுத்தாமல் அதிக நேரம் பார்ப்பீர்கள் என்று தோன்றுவதை முன்னால் தள்ளும். நம் பக்கத்தில் காலையில் தமிழ்ப் பாட்டு, மத்தியானம் மலையாள சினிமா என்று ஒரே போனில் இரண்டும் ஓடும், அதனால் அதற்கு அம்மன் பாட்டும் மலையாளக் காமெடியும் ஒரே ஆள் பார்ப்பவைதான். உங்கள் பையன் ராத்திரி அந்தப் போனில் பார்த்த காமெடியும் கணக்கில் ஏறியிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் அப்போது ஓடுவதை வைத்துத்தான் அடுத்ததை எடுக்கிறது. முதலில் ஒரு ஐயப்பன் பாட்டு வரும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அதிலிருந்து ஒரு மலையாளப் படப்பாட்டு, அதிலிருந்து குத்துப்பாட்டு. நீங்கள் டீக்கடையிலிருந்து ஓடி வருவதற்குள் மூன்று படி தாண்டியிருக்கும். மைக்செட் போனுக்கு என்று தனியாக ஒரு கூகுள் கணக்கு வைத்துக்கொண்டால் வீட்டார் பார்ப்பது இதில் கலக்காது, ஆனால் அது அணைப்பதற்கு மாற்று இல்லை.

ஒருநாள் வந்து ஒருநாள் வராததற்கும் பேய் காரணமில்லை. போனின் சொந்த டேட்டாவில் ஓடும்போது 30 நிமிஷம் யாரும் போனைத் தொடாவிட்டால் Autoplay தானே நின்றுவிடும், வைஃபையில் 4 மணி நேரம் ஆனால்தான் நிற்கும். இதை யூடியூபே சொல்லியிருக்கிறது. பூசாரி மகனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் போனுக்கு அதுவும் வைஃபைதான். எந்த நாளில் எதில் ஓட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், அனேகமாகப் பொருந்தும்.

இப்போது அந்தக் கடை. 500 ரூபாய்க்கு அவர்கள் செய்யப்போவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. Autoplay பட்டனைத் தட்டிவிட்டுக் காசு வாங்குவது, அதுகூடப் பரவாயில்லை, போனது 500 ரூபாயோடு போகும். மற்றது, "விளம்பரமே வராத யூடியூப்" என்று பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு ஏபிகே கோப்பை ஏற்றிவிடுவது. கோயிலில் விளம்பரம் அலறுவதும் உங்களுக்குத் தொல்லைதான் என்று அவர்களுக்குத் தெரியும், அந்த ஆசையைக் காட்டித்தான் ஏற்றுவார்கள். அது உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், தெரியாத கோப்புகளை ஏற்ற அனுமதி கொடுக்கச் சொல்லும். அதே போனில்தானே முன்பணமும் ஜிபேயில் வாங்குகிறீர்கள்? யார் செய்த செயலி என்று கடைக்காரருக்கே தெரியாது. ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நீக்கிவிட்டு, வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை Autoplay-யை அணைத்தாலும் அது வரத்தான் செய்யும், பாட்டுகளுக்கு நடுவில் புகுந்தே தீரும். ஆகவே நோம்பி நாளுக்கு என் யோசனை, யூடியூபையே நம்பாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளை பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு ஆம்ப்ளிஃபையரில் செருகுங்கள். கடைசிப் பாட்டு முடிந்தால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்கள் மறுபடி முதல் பாட்டுக்கே திரும்பிவிடும்.

இல்லை, யூடியூப்தான் என்றால், லிஸ்ட் ஓடும்போது அதன் பேருக்குப் பக்கத்தில் சுற்றும் அம்புக்குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். லிஸ்ட் முடிந்ததும் முதலிலிருந்து ஓடும், Autoplay-க்கு வேலையே வராது. அந்தக் குறியில் 1 என்று தெரிந்தால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும், இன்னொரு தடவை தட்டி மாற்றுங்கள். எல்லாம் செய்த பிறகு ஹார்னில் இணைக்காமல் வீட்டு வைஃபையில் ஒரு தடவை பாருங்கள்: கடைசிப் பாட்டைத் தட்டி, கீழே இருக்கும் கோட்டைக் கடைசிப் பத்து வினாடிக்கு இழுத்துவிட்டு, பாட்டு முடிந்ததும் என்ன வருகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள்.