ஆய்க்கு மட்டும் டயபர் கேக்குறாளா? டாய்லெட் ட்ரெயினிங் கேள்வி-பதில்

கேள்வி: பையனுக்கு 20 மாசம். அக்கா பொண்ணு இந்த வயசுல டயபரே போடல, நாங்களும் ஆரம்பிச்சிடலாமா டாக்டர்?

வயச விடுங்க, அவன பாருங்க. டயபர் ரெண்டு மணி நேரமாவது நனையாம இருக்கா, "ஷூ எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட குடு"ன்னா செய்யறானா, ஜட்டிய கீழ இழுக்க வருதா, ஆய் வரப்போகுதுன்னு முகத்துலயாவது காட்டறானா? நிறைய பேருக்கு இதெல்லாம் ஒன்றரைலேருந்து ரெண்டரை வயசுக்குள்ள ஒவ்வொண்ணா வரும். அதுக்கு முன்னாடி உக்கார வெச்சா ட்ரெயினிங் ஆகறது நீங்கதான், அவன் இல்ல.

கேள்வி: பொண்ணுக்கு 3 வயசு 2 மாசம். உச்சா டாய்லெட்ல போறா. ஆய்க்கு மட்டும் டயபர் கேட்டு கர்ட்டன் பின்னாடி போய் நிக்கிறா, குடுக்கலன்னா 4 நாள் கூட அடக்கிடறா. பிடிவாதமா?

பிடிவாதம்னு நான் நினைக்கல. டயபர் கேட்டா குடுத்துடுங்க, அடக்கறதவிட அது எவ்வளவோ மேல். அடக்க அடக்க மலத்துல இருக்கற தண்ணிய குடல் உறிஞ்சிடும், கட்டியாகி வெளிய வரும்போது வலிக்கும், வலிச்சதால அடுத்த தடவை இன்னும் அடக்குவா. அதனால முதல் வேலை ட்ரெயினிங் இல்ல, மலத்த இளக்கறது. 4 நாள் அடக்கறான்னா சாப்பாடு மட்டும் பத்தாது, டாக்டர் தர்ற இளக்கி மருந்த சில மாசம் குடுக்க வேண்டியிருக்கும், ரெண்டு நாள் நல்லா போயிட்டான்னு நிறுத்திடாதீங்க (நிறைய வீட்ல இங்கதான் சொதப்பும்). வலி பயம் போனதும், டயபரோடயே பாத்ரூம்ல நிக்கட்டும், அப்புறம் டயபரோடயே சீட்ல உக்காரட்டும், அப்புறம் டயபர லூசாக்கி, கடைசியா கழட்டி. ஒவ்வொரு படியும் அவ பழகினதும்தான் அடுத்தது. சாப்பிட்டு 20, 30 நிமிஷத்துல குடல் தானா அசையும், அப்ப 5 நிமிஷம் உக்கார வைங்க, காலுக்கு கீழ ஸ்டூல் கட்டாயம், கால் தொங்கினா முக்க முடியாது.

கேள்வி: 4 வயசு பையன், ஜட்டில அடிக்கடி தண்ணியா கறை. லூஸ் மோஷன் மருந்து குடுக்கலாமா?

வேண்டாம். உள்ள கட்டியா அடைச்சிருக்கும், அத சுத்தி தண்ணி மலம் கசியும், அவனுக்கே தெரியாது, திட்டினா பிரயோஜனமில்ல. வயித்த தொட்டு பாத்தாலே பெரும்பாலும் டாக்டருக்கு புரியும்.

கேள்வி: எப்ப செக்கப்புக்கு போகணும்?

4 வயசாகியும் பகல்ல பழகலன்னா ஒரு தடவை காட்டுங்க. எப்பவுமே சொட்டு சொட்டா ஈரம், உச்சா போகும்போது வலியோ முக்கலோ, பொறந்து 48 மணி நேரத்துக்கு மேல ஆகிதான் முதல் மலம் போச்சு, கீழ்முதுகுல ஆழமான குழியோ முடிக்கொத்தோ, நடையில மாற்றம், பேச்சும் சேர்ந்து லேட், இதுல ஏதாவது இருந்தா 4 வயசுக்கு காத்திருக்காதீங்க. நல்லா பழகின குழந்தை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சு, தண்ணியும் நிறைய கேட்டு எடையும் குறைஞ்சா அன்னிக்கே சுகர் டெஸ்ட். ராத்திரி மட்டும் நனைக்கிற கதை வேற, 5 வயசு வரைக்கும் அதுக்கு டெஸ்டும் வேண்டாம் மருந்தும் வேண்டாம்.