ஒரு கை வீசுகிறது, மறு கை வீசவில்லை: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு. தினமும் காலையில கோட்டை மைதானத்துல வாக்கிங் போறார். கூட நடக்கிறவங்க, "உங்க வலது கை ஆடவே மாட்டேங்குதே"ன்னு சொல்றாங்க. நானும் கவனிச்சேன், உண்மைதான். இடது கை நல்லா வீசுது. வலி எதுவும் இல்லைங்கிறார். கையை நல்லா வீசி நடக்கச் சொல்லிப் பழக்கினா போதுமா, இல்ல டாக்டரைப் பார்க்கணுமா?
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: இப்போதைக்குக் கையை வீசச் சொல்லிப் பழக்க வேண்டாம். நடக்கும்போது கை தனியாக ஆடுவதில்லை. காலும் இடுப்பும் மார்புக்கூடும் நகர்வதால்தான் அது ஆடுகிறது. தடை எங்கே என்று தெரியாமல் கையை மட்டும் வீசவைத்தால், வெளியே தெரியும் அறிகுறி மறைந்துவிடும், உள்ளே இருக்கும் காரணம் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பார்த்துவிட்டால், அப்பாவிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கே புரியும்.

வலது கால் தரையை விட்டு முன்னே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தரையில் இருப்பது இடது பாதம் மட்டும்தான். ஒரு காலின் எடை மொத்த உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதருக்குச் சுமார் 10 கிலோ. உடலின் நடுக்கோட்டுக்கு வலது பக்கமாக இருக்கும் அந்த 10 கிலோ வேகமாக முன்னே போகும்போது, உடம்பு முழுவதும் இடது பக்கம் திரும்பப் பார்க்கும். அதே நேரத்தில் இடது கையும் இடது தோளும் முன்னே வந்து அந்தத் திருப்பத்துக்கு எதிர்த்திருப்பம் கொடுக்கின்றன. வலது காலோடு இடது கை, இடது காலோடு வலது கை என்று நாம் மாற்றி மாற்றி வீசுவதற்கு இதுதான் காரணம்.

கையின் எடை 3 கிலோதானே, அது எப்படி 10 கிலோவைச் சமாளிக்கும்? தோள், இடுப்பு மூட்டைவிட அகலம். அதனால் கை, உடலின் நடு அச்சிலிருந்து தள்ளி நின்று வீசுகிறது. கூடவே கனமான மார்புக்கூடும் கையோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அதற்கும் மிஞ்சுவதைத் தரையில் ஊன்றிய பாதம் உராய்வினால் தாங்கிக்கொள்கிறது. எல்ஃப்ட்மன் என்ற ஆய்வாளர் 1939-இலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். 2009-இல் காலின்ஸ், அடம்சிக், குவோ மூவரும் அளந்து பார்த்தபோது, கையை உடம்போடு ஒட்டி வைத்து நடந்தவர்களுக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் சக்தி செலவானது. வேண்டுமென்றே வலது காலோடு வலது கையை வீசி நடந்தபோது அது சுமார் 26 சதவீதம் ஆனது. கையை ஆட்டுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆட்டாமல் நிறுத்துவதற்குத்தான் உடம்பு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது முதுகு. பலரும் கவனிக்காத இடம் இதுதான். சாதாரண வேகத்தில் நடக்கும்போது இடுப்பெலும்பு ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 டிகிரி திரும்புகிறது. வலது குதிகால் முன்னே தரையைத் தொடும்போது இடுப்பின் வலது பக்கம் முன்னே இருக்கும், தோளில் இடது பக்கம் முன்னே இருக்கும். ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு முனைகளும் எதிரெதிராகத் திரும்புவது போல, ஒவ்வொரு அடியிலும் நம் முதுகு மெல்லப் பிழியப்பட்டு விடுபடுகிறது. மேலே ஒரு திசை, கீழே எதிர்த்திசை என்றால் நடுவில் எங்கோ ஓர் இடம் திரும்பாமல் இருக்க வேண்டும் அல்லவா? தோள்பட்டை எலும்பின் கீழ் முனை இருக்கும் உயரம்தான் ஏறத்தாழ அந்த இடம். இந்தத் திருகலில் பெரும்பங்கு மார்புப் பகுதி முதுகெலும்பில்தான் நடக்கிறது. இடுப்புக்கு மேலே உள்ள கீழ்முதுகு எலும்புகளின் மூட்டுகள் திரும்புவதற்கு ஏற்ப அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஓரிரு டிகிரி மட்டுமே திரும்பும். மைதானத்தில் சிலர் நடந்துகொண்டே இடுப்பை 'வெட்டி வெட்டி'த் திருப்புவதைப் பார்க்கிறேன். அந்த மூட்டுகளிடம் அவற்றால் முடியாததைக் கேட்கிறார்கள். கீழ்முதுகு வலி உள்ளவர்கள் அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் ஓரளவு வேகம் இருந்தால்தான் நடக்கும். மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினால் இடுப்பும் தோளும் ஏறக்குறைய ஒரே பக்கமாகத் திரும்ப ஆரம்பிக்கும், கை வீச்சும் சுருங்கிவிடும். பேசிக்கொண்டே மெதுவாக நடப்பவருக்குக் கை ஆடவில்லை என்றால் அதில் நோய் எதுவும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இடது கை நன்றாக வீசுவதால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் வேகத்தைப் பார்த்துவிடுங்கள். தெருவில் 10 மீட்டர் அளந்து நடக்கவிடுங்கள். 8 முதல் 10 விநாடி ஆனால் வேகம் போதும். 12 விநாடிக்கு மேல் ஆனால் மெதுவான நடை, அதை வைத்துக் கையைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது.

இனி வீட்டிலேயே ஒரு வீடியோ எடுங்கள். "படம் எடுக்கிறேன்" என்று சொன்னால் யாரும் கையை வீசிக் காட்டுவார்கள், அதனால் முதல் தடவை சொல்லாமலே எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்த்து ஒன்று. இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேலிருந்து பார்த்தால் தோள்கோடும் இடுப்புக்கோடும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது நன்றாகத் தெரியும். அப்பா கோடு போட்ட சட்டை போட்டிருந்தால் இன்னும் வசதி. பின்பக்க வீடியோவில், ஒவ்வோர் அடிக்கும் சட்டையின் நேர்கோடுகள் தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக இழுபட்டு, அடுத்த அடியில் மறுபக்கம் சாய வேண்டும். கோடுகள் நேராகவே நின்றால் முதுகு திரும்பவில்லை என்று அர்த்தம்.

கை பையிலோ போனிலோ மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கி நாலு கிலோ பையோடு திரும்புகிறவருக்கு அந்தக் கை வீசாது, மறு கைதான் கூடுதலாக வீசும். அதோடு, நலமாக இருப்பவர்களிடமும் இரண்டு கையும் ஒரே அளவில் ஆடுவதில்லை. பெரும்பாலோருக்கு இடது கைதான் சற்று அதிகம் ஆடும். வலது கை கொஞ்சம் குறைவாக வீசுகிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. கையில் எதுவும் இல்லாதபோதும், வேகமாக நடக்கும்போதும் வலது கை ஏறக்குறைய அசையவே இல்லை என்றால்தான் மேலே தேட வேண்டும்.

தேடும்போது முதலில் தோள். முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பிறகு நீங்களே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இடது பக்கம் எவ்வளவு போகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு வலதும் போக வேண்டும். பாதியிலேயே நின்றால் தோள் இறுகியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், வலி தணிந்த பிறகும் இறுக்கம் மட்டும் தங்கியிருக்கும். வாலாஜாவிலிருந்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் இதே குறையோடு என்னிடம் வந்தார். அவருக்கும் வலி இல்லை. முன்கையைத் திருப்பினால் இடது பக்கம் நன்றாகப் போனது, வலது பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் போனது. மேலிருந்து எடுத்த வீடியோவில் அவருடைய மார்புக்கூடு சரியாகத்தான் திரும்பியது. கை மட்டும் மார்போடு ஒட்டிய கட்டையாகக் கூடவே வந்தது. அவருக்குக் கையை வீசும் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. தோளின் இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சி மட்டும்தான். தோள் விடுபட விடுபட வீச்சு தானாகவே திரும்பியது.

தோள் தடையில்லாமல் திரும்புகிறது, ஆனால் கை வீசவில்லை என்றால் விஷயம் வேறு. அப்போது மூன்று சோதனை செய்யுங்கள். நடந்துகொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். கவனம் சிதறினால் எல்லோருக்கும் வீச்சு சற்றுக் குறையலாம், ஆனால் ஒரு கை மட்டும் அப்படியே நின்றுவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நடந்துபோய்ச் சட்டென்று திரும்பி வரச் சொல்லுங்கள். தலை, தோள், இடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, மூன்று நான்கு அடியில் முடிக்க வேண்டும். உடம்பு மொத்தமும் ஒரே பலகையாகத் திரும்பி, சின்னச் சின்ன அடியாக ஆறு ஏழு வைத்தால் அது முதுகுத் திருப்பம் குறைந்ததன் அடையாளம். கடைசியாக, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். வலது கையில் தட்டல் வரவரச் சுருங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

இவற்றோடு கையெழுத்து சிறுத்திருக்கிறதா, சாம்பார் வாசனை தெரிவதில்லையா, தூக்கத்தில் கத்துகிறாரா, உதைக்கிறாரா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். ஒரு கை மட்டும் வீசாமல் போவது பார்க்கின்சன் நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. கை நடுக்கம் வருவதற்கு முன்பே இது தெரியலாம். மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால், வீடியோவோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வேலூரில் இதற்காக வெளியூர் அலைய வேண்டியதில்லை. வீடியோவை மட்டும் வைத்து யாரும் நோயைத் தீர்மானிக்க முடியாது, ஆனால் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அது நல்ல பதில். தோள் இறுக்கமே பார்க்கின்சனின் முன்னோடியாக வருவதும் உண்டு என்பதால், தோள் சரியான பிறகும் கை வீசவில்லை என்றால் அப்போதும் அவரையே பார்க்க வேண்டும். இன்னொன்று: இந்த மாற்றம் ஒரே நாளில் திடீரென்று வந்திருந்தால், அல்லது வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கால் இழுத்தல் சேர்ந்திருந்தால், சோதனை எதுவும் வேண்டாம், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, பழக்கம்தான் காரணம் என்று தெரிந்தால் பயிற்சி எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, இடுப்பு அசையாமல் மேலுடம்பை மட்டும் மெதுவாக இரு பக்கமும் பத்துப் பத்துத் தடவை திருப்பட்டும். முழங்கால் இரண்டும் நேராக முன்னே பார்த்தபடி இருந்தால் இடுப்பு அசையவில்லை என்று தெரியும். பிறகு நடக்கும்போது போனைப் பையில் போட்டுவிட்டு, வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டட்டும். கையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கை முன்னே மார்பு வரை எழ வேண்டும் என்பதும் இல்லை. இயல்பான நடையில் அது முன்னே வருவதைவிடப் பின்னே போவதுதான் அதிகம். பார்க்கின்சன் என்று உறுதியானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் நினைவோடு கையைப் பெரிதாக வீசினால் அடியும் நீளும், அதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார்.