டைல் தரைக்குச் சதுர அடிச் செலவு: சதவீதத்தை விட்டு எண்ணிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அறை 14 அடிக்கு 11 அடி. 2 அடிக்கு 2 அடி டைல் போட நினைக்கிறோம். பரப்போடு 10 சதவீதம் சேதாரம் சேர்த்து வாங்கினால் போதுமா? பசை, கூலி, ஸ்கர்ட்டிங் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 10 சதவீதம் உங்கள் அறைக்குப் போதாது. 154 சதுர அடியோடு 10 சதவீதம் சேர்த்தால் 170 சதுர அடி வரும். நான்கு டைல் கொண்ட பெட்டியை 16 சதுர அடி என்று கொண்டால் 11 பெட்டி, அதாவது 44 டைல். ஆனால் 2 அடி என்று விற்கப்படும் டைலின் உண்மை அளவு பெரும்பாலும் 600 மில்லிமீட்டர்தான். 2 அடி என்பது ஏறக்குறைய 610 மில்லிமீட்டர். எனவே பெட்டியில் இருப்பது 15.5 சதுர அடி. விலையை எந்த அளவுக்குப் போடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, ஒரு தாளில் அறையை வரைந்து டைல்களை எண்ணிப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு மூலையிலிருந்து தொடங்கினால், 14 அடி நீளத்தில் ஏழு முழு டைல் போக 5 சென்டிமீட்டர் மட்டுமே மிஞ்சும். 11 அடி அகலத்தில் ஐந்து முழு டைல் போக 34 சென்டிமீட்டர் மிஞ்சும். அந்த 5 சென்டிமீட்டர் கீற்றுகளை மற்ற வெட்டுத் துண்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதால் தரைக்கு 42 டைல் போதும். எனினும் சுவரோரம் ஓடும் மெல்லிய கீற்று கண்ணை உறுத்தும், வெட்டும்போது எளிதில் உடையும். அதனால் நல்ல கொத்தனார் தொடக்கத்தை நகர்த்தி, நடுவில் ஆறு முழு டைலும் இரு ஓரங்களிலும் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் துண்டும் வருமாறு அமைப்பார். அப்போது ஒவ்வோர் ஓரத் துண்டும் பாதி டைலைவிடப் பெரிதாக இருப்பதால் ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டு கிடைக்காது. எண்ணிக்கை 48 ஆகிவிடும். ஒரே அறைக்குச் சேதாரம் முதல் முறையில் 6 சதவீதத்துக்கும் குறைவு, இரண்டாவதில் 20 சதவீதத்துக்கும் மேல்.

இங்கேதான் ஸ்கர்ட்டிங் கணக்கை மாற்றுகிறது. அறையின் சுற்றளவு 50 அடி. 3 அடி வாசலைக் கழித்தால் 47 அடி. இதற்கு 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 25 பட்டைகள் தேவை. இரண்டாவது அமைப்பில் மிஞ்சும் துண்டுகளிலேயே இவை கிடைத்துவிடும், ஆகவே கூடுதல் டைல் வேண்டாம். முதல் அமைப்பில் துண்டுகள் போதாமல் மூன்று முழு டைல்களை வெட்ட வேண்டும். ஆக, உண்மையான ஒப்பீடு 45-க்கும் 48-க்கும்தான். அழகான அமைப்புக்கு நீங்கள் தரும் விலை மூன்றே டைல். (ஒரு டைலில் ஆறு பட்டை கிடைக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள், வட்டரம்பம் தின்னும் தடிமன் போக ஐந்துதான் வரும்.) வெட்டிய விளிம்பு மேலே தெரியாதபடி கீழே வைக்கச் சொல்லுங்கள், இரு பக்கமும் வெட்டப்பட்ட பட்டைக்கு மேல் விளிம்பை உரசி மழுக்க வேண்டும், அதற்குக் கூலி தனியா என்பதையும் கேளுங்கள். உடைவுக்கும் பிற்காலப் பழுதுக்கும் நான்கு டைல் சேர்த்து 13 பெட்டி, ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். பின்னர் வாங்கினால் நிறச் சாயல் மாறும்.

பசையின் செலவைத் தீர்மானிப்பது பரப்பு மட்டுமன்று, தடிமனும்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய 1.5 கிலோ தூள் பிடிக்கும். 3 மில்லிமீட்டர் படுகைக்கு, ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்து, உங்களுக்கு 20 கிலோ மூட்டை நான்கு தேவை. தரை மேடுபள்ளமாக இருந்து படுகை 6 மில்லிமீட்டர் ஆனால் அது எட்டை நெருங்கும். 2 மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தரையில் பல திசைகளில் வைத்து அடியில் இடைவெளி பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் முதலில் சிமெண்ட் கலவையால் மட்டப்படுத்துவது மலிவு.

பதிக்கும் கூலியை வாங்கிய டைலுக்கன்றி, பதித்த தரைப் பரப்புக்கும், ஸ்கர்ட்டிங்கை ரன்னிங் அடிக்கும் பேசுங்கள். கணக்கு புரிவதற்காக, டைல் சதுர அடிக்கு 100 அலகு என்றும், பெட்டி 16 சதுர அடியாகவே விலை போடப்படுகிறது என்றும் கொள்வோம்: 13 பெட்டிக்கு 20,800. பசை மூட்டைக்கு 600 வீதம் 2,400. பதிக்கும் கூலி சதுர அடிக்கு 35 வீதம் 5,390. ஸ்கர்ட்டிங் கூலி அடிக்கு 20 வீதம் 940. இடுக்கு நிரப்பும் கிரவுட் 470. மொத்தம் 30,000, அதை 154-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 195. உங்கள் விலைகளை இதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். வகுக்கும் எண் மட்டும் எப்போதும் அறையின் பரப்பாகவே இருக்கட்டும், வாங்கிய டைலின் பரப்பால் வகுத்தால் சேதாரம் கணக்கில் மறைந்துபோகும்.