மூன்றாவது ஆளும் லீவு எடுக்கும் நாளில் ரிலீஃப் போடுவது எப்படி?

"சேர், நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். 6 முதல் 11 வரை ஒவ்வொரு வகுப்பு, பத்து ஆசிரியர்கள். கிழமையில் இரண்டு நாளாவது மூன்று பேர் வருவதில்லை. வராதவரின் வகுப்புக்கு வேறொருவரை ரிலீஃப் போட்டால் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் அகப்படுகிறார்கள். அவர்கள் இப்போது என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். லீவைக் கட்டுப்படுத்த ஒரு விதி போடலாமா?"

விதி போடலாம். ஆனால் ஒருவருக்கு எத்தனை நாள் லீவு என்பது அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில் உள்ளது. அதைப் பாடசாலை குறைக்க முடியாது. நீங்கள் தீர்மானிக்கக்கூடியவை வேறு: முன்கூட்டியே தெரிந்த லீவை எப்போது சொல்ல வேண்டும், ஒரே நாளில் எத்தனை பேருக்கு அதை ஒத்துக்கொள்ளலாம், வராதவரின் பாடவேளையை யார் எந்த வேலையோடு எடுப்பது. இவற்றை ஆசிரியர் கூட்டத்தில் பேசி எழுதிக்கொண்டாலே போதும்.

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு வகுப்பு, நாளுக்கு எட்டுப் பாடவேளை என்றால் நாளுக்கு 48 பாடவேளை. பத்துப் பேர் எல்லோரும் வந்தால் எந்தப் பாடவேளையிலும் சராசரியாக நான்கு பேர் ஓய்வில் இருப்பார்கள். இரண்டு பேர் வராவிட்டால், ரிலீஃப் போட்ட பிறகும் இரண்டு பேர் ஓய்வாக இருப்பார்கள். அன்று ஏறக்குறைய பத்துப் பாடவேளை ரிலீஃப், வந்திருப்பவர் எட்டுப் பேர். ஆளுக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. மூன்று பேர் வராத நாளில் பதினான்கு பாடவேளை, ஏழு பேர். ஆளுக்கு இரண்டு, அதற்கு மேல் ஒரு மூச்சு விடவும் இடமில்லை. ஆகவே உங்கள் பாடசாலை தாங்கும் எல்லை இரண்டு பேர். மூன்றாவது ஆளோடு அது உடைகிறது. ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். நான் அதிபராக இருந்தபோது அறிவுரை சொல்லி ஆகாதது, இதைக் காட்டியபோது ஆனது.

எல்லை இரண்டு என்பதால், தெரிந்த லீவை நாளுக்கு ஒருவருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம் காய்ச்சல், மரண வீடு போன்ற திடீர்த் தேவைக்குக் காலியாக இருக்கட்டும். வலயத்தில் நடக்கும் செயலமர்வு, விளையாட்டுப் போட்டிக் கடமை ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: கடமை லீவில் ஒருவர் வெளியே நிற்கும் நாளில் சொந்த லீவையும் ஒத்துக்கொண்டு, பிறகு ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் தலையில் கை வைக்கிறோம். ஆசிரியர் அறையில் ஒரு மாத அட்டை தொங்கினால் அவரவரே பார்த்துத் தமக்கான நாளைத் தெரிவுசெய்வார்கள்.

தெரிந்த லீவுக்கு ரிலீஃபைவிட மாற்றுப் பாடம் நல்லது. செவ்வாய்க்கிழமை போகவேண்டிய விஞ்ஞான ஆசிரியர், அதே வகுப்புக்குப் பாடம் உள்ள வரலாற்று ஆசிரியரிடம் "என்னுடைய மூன்றாம் பாடவேளையை நீங்கள் எடுங்கள், வியாழக்கிழமை உங்களுடையதை நான் எடுக்கிறேன்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் குறையாது, யார் தலையிலும் கூடுதல் சுமையும் விழாது. லீவு விண்ணப்பத்திலேயே இரண்டு பாடவேளைக்காவது இப்படி மாற்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சுகமில்லாதவரிடம் இதைக் கேட்கவே கூடாது. காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு "வேலை அனுப்புங்கள் மிஸ்" என்று வாட்ஸ்அப் போடுவது சரியல்ல.

மிஞ்சிய பாடவேளையை யாருக்குப் போடுவது? இப்போது நீங்கள் அந்த நேரத்தில் ஓய்வில் இருப்பவரைப் பிடிக்கிறீர்கள். அதனால் ஓவிய ஆசிரியர் போல நேரசூசியில் பாடம் குறைந்தவர்கள் எப்போதும் அகப்படுவார்கள். அவர்களுக்கு ஓய்வு அதிகம் என்பது உண்மை, ஆனால் அது முழுக்க ரிலீஃபுக்கு அல்ல. ஒரு ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஓடும் கணக்கு வைத்து, அந்தப் பாடவேளையில் ஓய்வில் இருப்பவர்களில் கணக்குக் குறைந்தவருக்குப் போடுங்கள். நாளுக்கு இரண்டுக்கு மேல் போடக் கூடாது. சொந்தப் பாடமும் ரிலீஃபும் சேர்ந்து கிழமைக்கு 32ஐத் தாண்டக் கூடாது. கிழமைக்கு 30 பாடவேளை எடுக்கும் கணித ஆசிரியருக்கு இரண்டு, 18 எடுக்கும் ஓவிய ஆசிரியருக்கு, நாளுக்கு இரண்டு என்பதால், பத்து வரை இடம் இருக்கும். ஆனால் ஏட்டில் கணக்குக் குறைந்தவரையே முதலில் தெரிவுசெய்வதால், எல்லாம் ஓவிய ஆசிரியர் மேல் கொட்டாது.

முதலாம் பாடவேளை ரிலீஃபை மட்டும் ஏட்டில் இரண்டாக எழுதுங்கள். நகரத்தில் இருந்து வாவி தாண்டி வருகிறவர்கள் மாரி நாளில் பிந்துவார்கள். அப்போது அந்த வகுப்பைப் பார்ப்பவர் ஊருக்குள் இருக்கும் ஆசிரியர்தான். அது யார் கண்ணுக்கும் தெரியாத சுமை.

மூன்று பேர் வராத நாளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கடைசி நேரத்தில் யோசிக்காமல், வகுப்புகளைச் சேருங்கள்: 6ஐயும் 7ஐயும் மூன்று பாடவேளை மண்டபத்தில் ஒன்றாக, 8ஐயும் 9ஐயும் வேறு மூன்று பாடவேளை அதே மண்டபத்தில். பதினான்கு ரிலீஃப் எட்டாகும். 10, 11ஐச் சேர்க்க வேண்டாம். சாதாரண தரப் பாடத்திட்டம் அதைத் தாங்காது. இரண்டு வகுப்பு ஒன்றாக இருக்கும்போது கற்பிக்க முயலாமல், வாசிப்பு, சொல்வதெழுதல், பயிற்சித்தாள் இவற்றில் ஒன்றைச் செய்விக்கலாம்.

பிள்ளைகள் சும்மா இருப்பதற்குக் காரணம், ரிலீஃபுக்குப் போகிறவரிடம் வேலை இல்லாதது. தவணைத் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் தம் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று பயிற்சித்தாளை விடையோடு கோப்பில் வைக்க வேண்டும். அவை முன்னர் படித்த அலகில் இருந்து, 40 நிமிடத்துக்கு அளவாக, வேறு பாட ஆசிரியரும் கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும். பாடம் தெரியாதவரை இன்றைய புதிய அலகைத் தொடங்கச் சொல்லாதீர்கள். மறுநாள் அந்த ஆசிரியர் அதைத் திருத்தவேண்டி வரும். பயன்படுத்தியதை லீவு முடிந்து வந்தவர் கிழமைக்குள் நிரப்ப வேண்டும்.

ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். லீவு எடுத்தவர்களின் பெயரைக் கணக்கோடு அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். ஒரு மிஸ், பிள்ளைக்குச் சுகமில்லை என்றும் சொல்லாமல், தானும் காய்ச்சலோடு வந்து மேசையில் சாய்ந்திருந்தார். அன்றே தாளைக் கிழித்தேன். யார் எவ்வளவு ரிலீஃப் எடுத்தார் என்பதை எல்லோரும் பார்க்கலாம். யார் எவ்வளவு லீவு எடுத்தார் என்பது அதிபரோடு நிற்கட்டும். ஒருவரின் லீவு உண்மையிலேயே அளவு மீறினால், அதை அவரோடு தனியாக, அறைக்குள் பேசுங்கள்.

மகப்பேற்று லீவை இந்த ஏட்டில் கொண்டு வராதீர்கள். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் என்பது ஏறக்குறைய 17 கிழமை. கிழமைக்கு 24 பாடவேளை எடுப்பவர் போனால் 400 பாடவேளை. எந்த ரிலீஃப் ஏடும் அதைத் தாங்காது. தெரிந்த மாதத்திலேயே வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் பதில் ஆசிரியர் கேளுங்கள். அதேநேரம், ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று புதிய நேரசூசியும் தயாரித்து வையுங்கள்.

மாத முடிவில் ஏட்டைத் திறந்து பாருங்கள். ஒரே அளவு பாடவேளை எடுப்பவர்களுக்குள் கூடியதற்கும் குறைந்ததற்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏட்டைப் பார்க்காமல் யாரோ பழையபடி ஆள் பிடிக்கிறார்கள். அப்புறம் 8ஆம் வகுப்பில் நான்கு பிள்ளைகளின் கொப்பியை வாங்கி, ரிலீஃப் நாளின் திகதியைத் தேடுங்கள். அந்தத் திகதியில் ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.