ஃபியூச்சர்ஸில் வால்யூமும் ஓபன் இன்ட்ரஸ்டும் சேர்ந்து ஏறினால் வாங்குபவர்கள் அதிகம் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தமா? இரண்டும் சேர்ந்து இறங்கினால்?

இல்லை. வாங்கியவர் ஒருவர் இருந்தால் அவருக்கு விற்றவரும் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அதனால் ஓ.ஐ. ஏறுவது எந்தப் பக்கம் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லாது. சந்தைக்குள் புது ஆட்கள், புதுப் பணம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கண்ணன் ஒரு லாட் வாங்குகிறார், மாலா விற்கிறார். இருவருக்கும் இது புதுப் பொசிஷன். வால்யூம் 1, ஓ.ஐ. 1. அடுத்து சலீம் வாங்க, ராதா விற்கிறார், அவர்களும் புதுசு. இப்போது இரண்டுமே 2. பிறகு கண்ணன் தன் லாட்டைப் புதிதாக வரும் பீட்டருக்கு விற்றுவிட்டு வெளியேறுகிறார். வால்யூம் 3 ஆகிறது, ஓ.ஐ. அசையவில்லை, நாற்காலியில் ஆள்தான் மாறியிருக்கிறார். கடைசியாக பீட்டர் விற்க, அதை வாங்கி ராதா தன் ஷார்ட்டை முடிக்கிறார். இருவரும் கிளம்பிவிட்டார்கள். வால்யூம் 4, ஓ.ஐ. 1. மிச்சம் இருப்பது சலீமும் மாலாவும் மட்டும்.

ஆக, வால்யூம் என்பது அன்றைக்கு வாசலில் நடந்த போக்குவரத்து, ஓ.ஐ. என்பது உள்ளே தங்கியிருப்பவர்களின் கணக்கு. காலையில் வாங்கி மதியம் விற்கும் இன்ட்ராடே ஆட்கள் வால்யூமை ஊதிவிடுவார்கள், மாலை ஓ.ஐ.யில் அவர்களின் தடம் இருக்காது. இரண்டும் சேர்ந்து ஏறினால், வந்தவர்களில் பலர் இரவு தங்கத் துணிந்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால், இருந்தவர்கள் கிளம்புகிறார்கள், அந்த இடத்துக்குப் புதியவர்கள் வரவில்லை. அந்த நேரத்தில் விலை ஏறிக்கொண்டிருந்தால் நான் நம்பமாட்டேன். அது பெரும்பாலும் ஷார்ட் கவரிங். விற்றவர்கள் வாங்கி முடித்ததும் ஏற்றத்துக்கு மூச்சு வாங்கும்.

அப்புறம், எக்ஸ்பைரி வாரம். நான் ஆரம்பத்தில் நிஃப்டி நடப்பு மாத ஃபியூச்சர்ஸை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாரும் ஓடுகிறார்கள்" என்று பயந்து என் லாட்டை விற்றிருக்கிறேன். ஓடவில்லை, அடுத்த மாதத்துக்கு ரோல்ஓவர் செய்துகொண்டிருந்தார்கள். நடப்பு மாத ஓ.ஐ. 20 லட்சம் குறைந்து, அடுத்த மாதத்தில் 18 லட்சம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் வெளியேறியது 2 லட்சம்தான். என்.எஸ்.இ.யில் ஒரே நேரத்தில் மூன்று மாத ஃபியூச்சர்ஸ் ஓடும்; மூன்றின் ஓ.ஐ.யையும் கூட்டி, முந்தைய நாள் கூட்டலோடு ஒப்பிடுங்கள்.

கூட்டிப் பார்த்தும் ஏமாற இடம் உண்டு. பங்கைக் கேஷில் வாங்கி அதையே ஃபியூச்சர்ஸில் விற்று, விலை வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் ஆர்பிட்ரேஜ்காரர்களும் ஓ.ஐ.யை ஏற்றுவார்கள். பங்கு ஏறுமா இறங்குமா என்ற கவலையே அவர்களுக்குக் கிடையாது.