இருமல் மருந்தும் 1314 யுவான் மோதிரமும்

அன்புள்ள ஐயா,

சீன நகர வாழ்க்கை பற்றிய நூல் ஒன்றைச் சீனத்திலிருந்து நேரடியாகத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஓர் இருமல் மருந்தின் விளம்பர வாசகம் வருகிறது. மரபுத்தொடர் ஒன்றில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அமைத்தது. வேறோர் இடத்தில், மே 20 அன்று 1314 யுவானுக்கு விற்கப்படும் மோதிரம் வருகிறது. இரண்டுக்கும் அடிக்குறிப்பு எழுதினேன். படித்த நண்பர்கள், விளக்கம்தான் தெரிகிறது, விளம்பரம் தெரியவில்லை என்கிறார்கள். குறிப்பை எடுத்துவிட்டால் பொருளே போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நீங்கள் சொல்லும் இரண்டு விளம்பரங்களும் ஒலியை நம்பி நிற்பவைதான் என்றாலும், இரண்டுக்கும் வழி ஒன்றல்ல. மருந்து வாசகத்தில் சொற்களை விட்டுவிட்டு ஒலி விளையாட்டைத் தமிழில் புதிதாகச் செய்ய வேண்டும். மோதிரத்தில் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை விட்டுக்கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்யும்போதுதான் அடிக்குறிப்புகள் பெருகுகின்றன.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். ‘கெ பு ரோங் ஹுவான்’ என்ற மரபுத்தொடருக்கு ஒரு கணமும் தாமதிக்க இடமில்லை என்று பொருள். அவசரமான பொதுக் காரியங்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதும்போது கையாளும் கனமான தொடர் அது. அதன் முதல் எழுத்தான ‘கெ’, கணம் என்று பொருள்பட்டு, சட்டென்று இறங்கும் தொனியில் ஒலிக்கும். விளம்பரக்காரர் அந்த இடத்தில் இருமல் என்று பொருள்படும் வேறொரு ‘கெ’யை வைத்தார், அது ஏறும் தொனியில் ஒலிப்பது. இரண்டு எழுத்துகளிலும் ஒரு பாதி ஒன்றே. கணத்தைக் குறிக்கும் எழுத்தில் அந்தப் பாதிக்கு வலப்புறம் கத்தியின் குறி நிற்கும். இருமலைக் குறிக்கும் எழுத்தில் இடப்புறம் வாயின் குறி நிற்கும். எனவே படிப்பவர் முதலில் பழைய தொடரையே கண்டதாக எண்ணி, அடுத்த நொடியில் வாயைக் கவனித்து, இருமலுக்குத் தாமதம் ஆகாது என்ற புதிய பொருளை அடைகிறார்.

கொசு விரட்டி விளம்பரம் ஒன்றில் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. வெளியே பெயர் தெரியாமல் அமைதியாக உழைப்பதைச் சொல்லும் ‘மோ மோ வு வென்’ என்ற தொடரின் கடைசி ‘வென்’ காதால் கேட்பதையும் புகழையும் குறிப்பது. விளம்பரத்தில் அது கொசுவைக் குறிக்கும் ‘வென்’ ஆகிறது. தொனியும் ஒன்றே என்பதால் வானொலியில் கேட்பவருக்கு வேறுபாடே தெரியாது. செவி பழைய தொடரைக் கேட்க, கண் புதியதைப் படிக்கிறது.

தமிழில் இப்படிக் கண்ணையும் செவியையும் பிரிக்க முடியாது. எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒலியும் மாறிவிடும். நம் சிலேடை, ஒரே எழுத்துத் தொடரை இரு பொருளுக்கு விடுவதிலும், சொல்லை வேறுவேறு இடத்தில் பிரிப்பதிலும் நடப்பது. ஆகவே ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து தேடுவதை விட்டுவிட்டு, அந்த வாசகம் என்னென்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அது இருமலைச் சொல்கிறது, அவசரப்படுத்துகிறது, பழந்தொடர் ஒன்றின் கனத்தைக் கடன் வாங்குகிறது, கண்டுபிடித்த மகிழ்ச்சியைப் படிப்பவருக்குத் தருகிறது. ‘இருமலுக்கு ஒரு கணமும் தாமதிக்காதீர்கள்’ என்று எழுதினால் முதல் இரண்டு மட்டுமே மிஞ்சுகின்றன. அதனால்தான் உங்கள் நண்பர்களுக்கு விளம்பரம் கண்ணில் படவில்லை.

நான் எழுதுவதாயிருந்தால் இப்படி எழுதுவேன்: ‘இருமல் இராமல் இருக்க, நன்றே செய், இன்றே செய்.’ ‘இருமல்’, ‘இராமல்’ என்ற நெருங்கிய ஒலிகளில் விளையாட்டு வந்துவிடுகிறது. ‘நன்றே செய், இன்றே செய்’ என்பது யாவரும் அறிந்த முதுமொழியின் ஓசையாதலால் அவசரமும் கனமும் அதிலிருந்து கிடைக்கின்றன. சீனத்தில் ஒரே எழுத்து சுமந்ததை இங்கே வாசகத்தின் இரண்டு பாதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு எழுத்துகளாயிருந்தது நீண்டுவிட்டது என்ற குறை உண்டு. கதைமாந்தர் பேருந்திலிருந்து ஒரு நொடியில் படித்துக் கடந்துபோகும் பலகையென்றால் ‘இருமல் இராமல் இருக்க’ என்பதோடு நிறுத்திவிடலாம்.

இந்த வழி முறியும் இடமும் ஒன்று இருக்கிறது. 2014 நவம்பரில் சீனாவின் பதிப்பு, வானொலி, தொலைக்காட்சித் துறைகளைக் கவனித்த அரசு நிர்வாகம், ஒலிபரப்புகளிலும் விளம்பரங்களிலும் மரபுத்தொடர்களை இப்படி மாற்றக் கூடாது என்று அறிவிக்கை விடுத்தது. இது மக்களை, குறிப்பாகச் சிறுவர்களை, தவறாக வழிநடத்தும் என்பது அதன் வாதம். அதில் எடுத்துக்காட்டிய தொடர்களுள் உங்கள் இருமல் வாசகமும் ஒன்று. உங்கள் நூல் அந்தச் சர்ச்சையைத் தொடுமானால், அல்லது ஒரு மாணவன் தேர்வில் தவறான ‘கெ’யை எழுதுவதாகக் காட்சி வருமானால், என் தமிழ் வாசகம் உதவாது. அங்கே மாறிய எழுத்தே செய்தியாகிவிடுவதால், கத்தியையும் வாயையும் கதையோட்டத்துக்குள்ளேயே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி மோதிரம். இங்கே எண்ணுக்கு விளம்பரத்துக்கு வெளியிலும் ஒரு வேலை இருக்கிறது: அது விலை, அது நாள். அதை நாம் மாற்ற இயலாது. 1314 என்பதைச் சீனத்தில் இலக்கம் இலக்கமாகச் சொன்னால் ‘யீ ஸான் யீ ஸ்’. வாழ்நாள் முழுதும் என்ற பொருளுடைய ‘யீ ஷங் யீ ஷ்’ அதற்கு நெருங்கி ஒலிக்கும். மே 20-இன் எண்ணான 520 ‘வு அர் லிங்’. அது ‘வோ ஆய் நி’ என்பதை, அதாவது உன்னைக் காதலிக்கிறேன் என்பதை, நினைவூட்டுகிறது. ஒலிப்பொருத்தம் இதில் தளர்வானதே. ஆனாலும் வழக்கம் உறுதியாகிவிட்டதால், சீனர்கள் ஒலியைச் சரிபார்க்காமல் எண்ணைப் பார்த்ததுமே பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். எனவே தமிழ் வாசகருக்கும் சீன ஒலிகளை அடுக்கிக் காட்ட வேண்டியதில்லை, பொருளைத் தந்தால் போதும்.

மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்தங்கள்தாம் இங்கே எண்ணைக் கெடுப்பவை. விலையை ரூபாய்க்கு மாற்றினால் 1314 மறைந்துவிடும். ‘ஆயிரத்து முந்நூற்றுப் பதினான்கு’ என்று எழுத்தால் எழுதினாலும் அப்படியே, ஏனெனில் இலக்கங்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். தேதியில் இது இன்னும் எளிதாக நழுவுகிறது. சீனத்தில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக வருவதால் மே 20 என்பது 5, 20 ஆகிறது. நம் வழக்கப்படி 20-5 என்று எழுதினால் காதல் போய்விடும்.

ஒலிபெயர்த்தே ஆக வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கத்தைக் கவனியுங்கள். 1314-இல் அது ‘யீ’. தொலைபேசி எண்களில், ஏழைக் குறிக்கும் ‘ச்சி’யோடு குழம்பாமலிருக்க அதை ‘யாவ்’ என்பார்கள். சீனாவில் மெக்டொனால்ட்ஸ் வீட்டுக்கு உணவு கொண்டுவருவதற்கான எண் 4008-517-517. அதில் 517 ‘வு யாவ் ச்சி’ என்று ஒலித்து, எனக்குச் சாப்பிட வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. அங்கே ‘யீ’ என்று எழுதினால் பொருள் அறுந்துவிடும்.

உங்கள் பத்தியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அன்று மே 20. ஐந்து, இரண்டு, சுழி என்று சொன்னாலே காதலைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும் நாள். மோதிரத்தின் விலை 1314 யுவான். வாழ்நாள் முழுதும் என்று காதில் விழ வேண்டும் என்பதற்காகவே வைத்த விலை.’ இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். முதல் முறை விளக்கியபின், அதே எண் மீண்டும் வரும் பக்கங்களில் இலக்கங்களை மட்டும் எழுதுங்கள், வாசகரே படித்துக்கொள்வார்.